ரிட்டர்ன் லோடு: வாடகையும் நாளும் எழுத்தில் வேண்டுமென்றால்

நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கத்து லாரிகள் ஜவ்வரிசி, மஞ்சள், நூல் என்று ஏதோ ஒரு சரக்கை ஏற்றிக்கொண்டு குஜராத்துக்குப் போகின்றன. போன லாரி காலியாகத் திரும்ப முடியாது. அங்கிருந்து ஊருக்கு வர ஏதாவது ஒரு லோடு வேண்டும். அப்படிக் கிடைக்கும் லோடுகளில் முக்கியமானது டைல்ஸ். இந்தியாவில் செய்யப்படும் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பி நகரைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து வருகிறது. நம் ஊர் டைல்ஸ் கடைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் மோர்பி முகவரிதான் இருக்கும்.

இந்தச் சரக்கை மாதாமாதம் வரவழைக்கும் வியாபாரிக்கு இரண்டு கவலைகள். ஒன்று, வாடகை. போன மாதம் டன்னுக்கு ஒரு விலை, இந்த மாதம் வேறு விலை. இரண்டாவது, நாள். வீடு கட்டுகிறவரிடம் "வெள்ளிக்கிழமை டைல்ஸ் வந்துவிடும்" என்று சொல்லி முன்பணம் வாங்கியிருப்பார். கொத்தனார், மேஸ்திரி எல்லோரும் காத்திருப்பார்கள். லாரி அடுத்த புதன்கிழமை வரும். லாரி கம்பெனிக்குப் போன் போட்டால், "வந்துட்டே இருக்குதுங்க, ஹூப்ளி தாண்டிருச்சு" என்ற பதில் கிடைக்கும்.

வருடம் முழுவதும் ஒரே வாடகை, ஆறு நாளில் சரக்கு என்று லாரி கம்பெனியிடம் எழுதி வாங்க முடியுமா? முடியும். ஆனால் "கடைசி ரேட் சொல்லுங்க, எத்தனை நாள்ல வரும்?" என்று போனில் கேட்டால் அது கிடைக்காது. ரிட்டர்ன் வாடகை எப்படி உருவாகிறது, நாள் எங்கே வீணாகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு கேட்டால் கிடைக்கும்.

வாடகை ஏன் ஆடுகிறது?

மோர்பியிலிருந்து சேலம் சுமார் 1,900 கிலோமீட்டர். 25 டன் ஏற்றும் 12 சக்கர லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் லாரிக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும்.

சுமையோடு லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர் ஓடினால் 500 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்றால் 46,000. டோல்கேட் 12,000. டிரைவர்களின் சம்பளம், படி 10,000. டயர், ஆயில், ரிப்பேர் 7,000. ஆக ஓட்டச் செலவு 75,000. இது தவிர, லாரி ஓடினாலும் நின்றாலும் கட்ட வேண்டிய தவணை, இன்ஷூரன்ஸ், வரி, பெர்மிட் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 3,000 என்று வைத்தால், லோடு ஏற்றும் ஒரு நாளும் ஓடும் ஆறு நாளுமாக 21,000. மொத்தம் 96,000 ரூபாய். 25 டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்கு 3,840.

இது முழுச் செலவு. ஆனால் அந்த லாரி எப்படியும் ஊருக்கு வந்தாக வேண்டும். காலியாக வந்தாலும் டோல் அதேதான், ஏனென்றால் டோல் வண்டியின் அச்சைப் பார்த்து வாங்கப்படுகிறது, சுமையைப் பார்த்து அல்ல. டிரைவர் சம்பளமும் அதேதான். காலி வண்டி லிட்டருக்கு 5.5 கிலோமீட்டர் கொடுத்தால் 345 லிட்டர் போதும். ஆக, டைல்ஸை ஏற்றி வருவதால் கூடுதலாகும் டீசல் 14,000 ரூபாய்தான். டயர் தேய்மானம், லோடுக்காகக் காத்திருக்கும் நாட்கள், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்தாலும் 25,000 ரூபாயை ஒட்டித்தான் வரும். டன்னுக்கு 1,000 ரூபாய்.

அதாவது, ஊருக்குத் திரும்ப வேறு வழியில்லாத லாரிக்காரர் 1,000 ரூபாய்க்கு மேல் எது கிடைத்தாலும் லாபம் என்று நினைக்கலாம். மோர்பியில் லாரி தட்டுப்பாடாக இருக்கும் நாளில் 3,840 கொடுத்தாலும் அவர் வர மறுக்கலாம். இவ்வளவு அகலமான இடைவெளியில்தான் சந்தை வாடகை ஏறி இறங்குகிறது.

எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது? மோர்பிக்கு அருகிலேயே கண்ட்லா, முந்த்ரா துறைமுகங்கள் இருக்கின்றன. உரம், நிலக்கரி, மரம் ஏற்றிய கப்பல்கள் சேர்ந்தாற்போல வந்துவிட்டால் லாரிகள் அங்கே போய்விடும். குளிர்காலத்தில் சௌராஷ்டிராவின் பருத்தியும் நிலக்கடலையும் லாரிகளை இழுக்கும். ஜென்மாஷ்டமியை ஒட்டியும் தீபாவளிக்கும் ஆலைகளில் வேலை நிற்கும். அப்போது லோடு இல்லாமல் லாரிகள் வரிசை கட்டும், வாடகை இறங்கும். விடுமுறை முடிந்ததும் எல்லா வியாபாரிகளும் ஒரே நேரத்தில் சரக்கு கேட்பார்கள், வாடகை ஏறும்.

இதையெல்லாம் லாரி கம்பெனி தடுத்துவிட முடியாது. ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொண்டு உங்களுக்கு ஒரே விலை கொடுக்க வேண்டுமானால், அதற்கு ஈடாக அவர்களுக்கும் ஒரு நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயம் உங்கள் லோடுதான்.

யாரிடம் கேட்பது?

லாரி தொழிலில் மூன்று வகையினர் உண்டு. சொந்தமாக ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர், 20, 30 லாரி வைத்திருக்கும் கம்பெனி, லாரியே இல்லாமல் சந்தையில் வண்டி பிடித்து அனுப்பும் புக்கிங் ஆபீஸ். மூன்றாமவரும் வருட வாடகை எழுதிக் கொடுப்பார். ஆனால் சந்தை ஏறும்போது அவர் கையிலிருந்து போட்டு வண்டி பிடிக்க வேண்டும். ஒரு மாதம் போடுவார், இரண்டாவது மாதம் போனை எடுக்க மாட்டார். ஒற்றை லாரிக்காரர் நேர்மையானவராக இருக்கலாம், ஆனால் அவருடைய வண்டி எஞ்சின் வேலைக்காக ஷெட்டில் நின்றால் மாற்று வண்டி கிடையாது.

ஆகவே இரண்டாவது வகைதான் ஒப்பந்தத்துக்கு ஏற்றது. அவர்களிலும் எல்லோரும் பொருந்த மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வாடகை அல்ல. "உங்க வண்டி மாசம் எத்தனை குஜராத் போகுதுங்க? அங்க எந்த ஊர்ல இறக்குறீங்க?" என்பதுதான்.

மாதம் 10 வண்டி நிரந்தரமாகக் குஜராத்துக்கு அனுப்புகிறவர் உங்களுக்கு 4 வண்டியைத் தயங்காமல் ஒதுக்கலாம். மாதம் 3 வண்டி மட்டும் அனுப்புகிறவர் 4 தருகிறேன் என்றால், நான்காவது வண்டியைச் சந்தையில்தான் பிடிக்கப்போகிறார். இறக்கும் ஊரும் முக்கியம். ராஜ்கோட்டில் சரக்கு இறக்கும் லாரிக்கு மோர்பி 65 கிலோமீட்டர்தான். சூரத்தில் இறக்கும் லாரி மோர்பிக்கு வர 400 கிலோமீட்டருக்கு மேல் காலியாக ஓட வேண்டும். அந்தக் காலி ஓட்டத்தின் செலவு உங்கள் வாடகைக்குள் வந்துவிடும், அல்லது "வண்டி இல்லீங்க" என்ற பதிலாக வரும்.

இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவரோடுதான் மேற்கொண்டு பேச வேண்டும். ஆர்.சி. புத்தகங்கள் கம்பெனி பேரில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பதும் முறைதான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேட்கும் கடிதம்

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் நீங்கள் கேட்பதைவிட நீங்கள் கொடுப்பது முதலில் இருக்க வேண்டும். சேலத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதினால் இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். மோர்பியிலிருந்து எங்கள் சேலம் குடோனுக்கு மாதம் 4 லோடு டைல்ஸ் வருகிறது. ஒவ்வொன்றும் 25 டன், எடைமேடைச் சீட்டுடன். மாதம் 3 லோடு கட்டாயம் உங்களுக்கே தருவோம். நான்காவது லோடையும் முதலில் உங்களிடம்தான் கேட்போம். வண்டி வேண்டிய தேதியை 5 நாள் முன்பாகச் சொல்வோம். ஒரு லோடுக்கு அதிகபட்சம் 2 ஆலைகளில் மட்டும் ஏற்றுவோம். குடோனுக்கு வண்டி வந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவோம். ஏற்றியதும் 70 சதவீதம், ரசீது கைக்கு வந்த 10 நாளில் மீதி.

இதன் பேரில் தாங்கள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டியவை: டன்னுக்கு வாடகை, அதில் எது சேர்த்தி, எது தனி. டீசல் விலை மாறினால் வாடகை எப்படி மாறும். கேட்ட தேதியில் வண்டி ஆலைக்கு வந்து சேரும் உறுதி. கடைசி ஆலையின் வாசலை விட்டுப் புறப்பட்டதிலிருந்து எங்கள் குடோன் வாசலுக்கு எத்தனை நாள். தாமதமானால் என்ன கழிவு. முதலில் 3 மாதத்துக்கும், சரியாக நடந்தால் தொடர்ந்து 1 வருடத்துக்கும்."

இந்தக் கடிதத்தில் கடைக்காரர் கொடுத்திருக்கும் ஒவ்வொன்றும் லாரி கம்பெனிக்குப் பணம். முன்கூட்டித் தேதி தெரிந்தால், குஜராத்துக்குப் போகும் லோடை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆலை என்ற வரம்பு ஒரு நாளையாவது மிச்சப்படுத்தும். மோர்பியில் தரை டைல்ஸ் ஒரு ஆலை, சுவர் டைல்ஸ் ஒரு ஆலை, வாஷ் பேசின் இன்னொரு ஆலை என்று வாங்குவது வழக்கம். ஒவ்வொரு ஆலையிலும் லாரி வரிசையில் நிற்க வேண்டும். நான்கு ஆலைகளில் ஏற்றினால் ஏற்றுவதற்கே இரண்டு, மூன்று நாள் போய்விடும். பாக்கித் தொகைக்குத் தேதி சொல்லியிருப்பதும் சாதாரண விஷயமல்ல. பாக்கி வாங்குவதற்காகவே ஆள் போட்டு நடக்கும் தொழில் இது.

"மாதம் 3 கட்டாயம், நான்காவது முதலில் உங்களுக்கு" என்ற வரி யோசித்து எழுதப்பட்டது. நான்கும் கட்டாயம் என்று எழுதி, வியாபாரம் மந்தமான மாதத்தில் இரண்டு மட்டும் கொடுத்தால் ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் கடைக்காரராகிவிடுவார். எந்த மாதமும் தவறாமல் தர முடிந்ததை மட்டும் எழுதுவது நல்லது.

வாடகைக்கு ஒரு கணக்கு

பேச்சுவார்த்தையில் டன்னுக்கு 3,500 என்று முடிந்ததாக வைத்துக்கொள்வோம். லோடுக்கு 87,500. முழுச் செலவான 96,000-ஐவிட இது குறைவு. போகும்போது ஏற்றிய லோடு மீதியைத் தாங்கும் என்பதால் கம்பெனி ஒப்புக்கொள்கிறது. இந்த வாடகைக்குள் டோல், டிரைவர் செலவு, தார்ப்பாய் எல்லாம் சேர்த்தியா, மோர்பியில் ஏற்றுக்கூலி யார் தலையில், சேலத்தில் இறக்குக்கூலி யார் தலையில், டிரைவர்கள் கேட்கும் மாமூல் உண்டா இல்லையா என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். பின்னால் வரும் சண்டைகள் பெரும்பாலும் இந்தச் சில்லறைகளில்தான் தொடங்குகின்றன. ஜி.எஸ்.டி.யை யார் கட்டுவது என்பதும் முதலிலேயே தெளிவாக வேண்டும். லாரி கம்பெனி வரி வசூலிக்காத முறையில் இருந்தால், வாடகை கொடுக்கும் பதிவுபெற்ற வியாபாரியே 5 சதவீதம் நேரடியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

டீசலுக்கு ஒரு சூத்திரம் போதும். இந்த நடைக்கு 500 லிட்டர் என்று இருதரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். லிட்டருக்கு 1 ரூபாய் ஏறினால் நடைக்கு 500 ரூபாய் கூடும். 25 டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்கு 20 ரூபாய். டீசல் 92-இலிருந்து 97-க்குப் போனால் வாடகை 3,500-இலிருந்து 3,600 ஆகும். இறங்கினாலும் அதே கணக்குதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2017 ஜூன் முதல் நாடு முழுவதும் பங்க் விலையைத் தினமும் மாற்றும் முறை வந்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலமும் விலை வேறு. லாரிக்காரர் எங்கே மலிவோ அங்கே நிரப்புவார். எனவே எந்த ஊர் விலை, எந்தத் தேதி விலை என்று ஒன்றை நிலையாகக் குறிக்க வேண்டும். "மாதம் 1-ம் தேதி சேலத்து விலை" என்றால் குழப்பமில்லை. அடுத்து, சில பைசா மாற்றத்துக்கெல்லாம் பில்லைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. 2 ரூபாய்க்கு மேல் மாறினால் மட்டும் என்று எல்லை போட்டுக்கொள்ளலாம்.

டீசலைத் தவிர வேறெந்தக் காரணத்துக்கும் அந்தக் காலத்துக்குள் வாடகை மாறாது என்று எழுதினால்தான் இது உறுதி. "மார்க்கெட் நிலவரப்படி" என்ற ஒரு சொல் உள்ளே நுழைந்துவிட்டால் மேலே எழுதிய எதற்கும் மதிப்பில்லை.

ஆறு நாள் எங்கிருந்து எதுவரை?

"அஞ்சாறு நாள்ல வந்துரும்" என்று லாரி ஆபீஸில் சொல்வது பொய்யல்ல. அவர்கள் சொல்வது லாரி ஓடும் நாள். கடைக்காரர் எண்ணுவதோ ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் மூன்று தனித்தனிக் காலங்கள் இருக்கின்றன. வண்டி கேட்ட தேதிக்கும் வண்டி ஆலைக்கு வந்து நிற்கும் தேதிக்கும் இடையே உள்ளது முதலாவது. ஆலைக்குள் நுழைந்து ஏற்றி முடித்து வெளியேறும் வரை இரண்டாவது. சாலையில் ஓடுவது மூன்றாவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் லாரி கம்பெனி பொறுப்பு. இரண்டாவதற்கு ஆலையும் ஆர்டர் போட்ட கடைக்காரரும் பொறுப்பு. மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடைத்தால் யார் மீது தவறு என்று கடைசிவரை தெரியாது. அதனால்தான் கடிதத்தில் "வண்டி வந்து சேரும் உறுதி" தனியாகவும், "வாசலிலிருந்து வாசலுக்கு" தனியாகவும் கேட்கப்பட்டிருக்கின்றன.

ஓடும் நாளை நாமே கணக்குப் போடலாம். ஒரே டிரைவர் என்றால் சுமையோடு நாளுக்கு 350 கிலோமீட்டர் நியாயமானது. 1,900-க்கு ஐந்தரை நாள், எனவே 6 நாள். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டினால் 4 நாளில்கூட வரும், ஆனால் வாடகை கூடும். ஒரே டிரைவரை வைத்துக்கொண்டு 4 நாளில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர் டிரைவரைத் தூங்கவிடாமல் ஓட்டுவார், அல்லது வாக்கைக் காப்பாற்ற மாட்டார். சேலத்துக்குள் வருவதற்குச் சற்று முன்புதான் தொப்பூர் கணவாயின் இறக்கம் இருக்கிறது. தூக்கம் கெட்ட டிரைவர்கள் 25 டன் சுமையோடு அந்த இறக்கத்தில் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தச் சாலையில் நடந்த விபத்துகள் சொல்கின்றன. நாலு நாள் வேண்டுமென்றால் இரண்டு டிரைவருக்கான காசைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் நாலு நாள் கேட்பது தவறு.

அகமதாபாத், சூரத், தானே, புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாக வரும் பாதையில் நேரம் விழுங்கும் இடங்கள் தெரிந்தவைதான். தானே பக்கம் கோட்பந்தர் சாலையின் நெரிசல், நகரங்களில் பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை, மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாலைகள். எனவே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை 7 நாள், மற்ற மாதங்களில் 6 நாள் என்று இரண்டு எண்கள் எழுதுவது நடைமுறைக்கு ஒத்தது.

கம்பெனி சொல்லும் நாளை எப்படி நம்புவது? கடைசியாக ஓடிய 10 நடைகளின் புறப்பட்ட தேதியையும் சேர்ந்த தேதியையும் கேளுங்கள். லாரி ரசீதான எல்.ஆரிலும் சரக்கு பெற்றதற்கான கையெழுத்துப் பிரதியிலும் அவை இருக்கும். சந்தேகம் இருந்தால் ஃபாஸ்டேக் கணக்கைக் காட்டச் சொல்லலாம். எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்கு லாரி கடந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும், யாரும் மாற்றி எழுத முடியாது. சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒருவருடைய 10 நடைகளில் எட்டு 5 நாளிலும், இரண்டு 10 நாளிலும் வந்திருந்தால் சராசரி 6. இன்னொருவருடையது ஒன்பது 6 நாளிலும், ஒன்று 7 நாளிலும் வந்திருந்தால் சராசரி 6.1. வாடிக்கையாளருக்குத் தேதி சொல்ல வேண்டிய கடைக்காரருக்கு இரண்டாமவர்தான் நல்லவர். 5 நாளில் வந்த சரக்குக்காக யாரும் கூடுதலாகக் காசு தரப்போவதில்லை, 10 நாளில் வந்த சரக்கு வாடிக்கையாளரைப் பறித்துவிடும்.

இ-வே பில்லும் ஒரு கடிகாரம்தான். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. மோர்பி–சேலம் தூரத்துக்கு 10 நாள் செல்லும். ஆறு நாள் பயணத்துக்கு இது தாராளம்தான். ஆனால் முதல் ஆலை லாரி எண்ணைப் பதிந்ததுமே அதன் பில்லுக்கு நாள் ஓடத் தொடங்கிவிடும். அடுத்தடுத்த ஆலைகளில் மூன்று நாள் நின்று, வழியில் இரண்டு நாள் ரிப்பேர் ஆனால் கடைசியில் பில் காலாவதியாகும் நிலை வந்துவிடும். காலாவதியாவதற்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கொள்ளலாம். அதை யார் செய்வது என்பதையும் பேசிவைக்க வேண்டும்.

எங்கே உடையும்?

இத்தகைய ஒப்பந்தம் உடையும் இடங்கள் இரண்டு. சந்தை வாடகை 4,500-க்குப் போகும் வாரத்தில் லாரி கம்பெனி தன் வண்டிக்கு வேறு லோடு ஏற்றிவிட்டு, "வண்டி பிரேக்டவுன்ங்க, மூணு நாள் ஆகும்" என்று சொல்லும். சந்தை 2,800-க்கு இறங்கும் வாரத்தில் கடைக்காரர் புரோக்கரிடம் வண்டி எடுத்துக்கொண்டு, "இந்த வாரம் ஆர்டர் இல்லீங்க" என்று சொல்வார். இரண்டும் ஒரே தவறுதான். ஏற்றத்தில் அவர் தாங்கினால்தான் இறக்கத்தில் இவர் தாங்குவது நியாயம் என்பதை இருவரும் முதலிலேயே முகம் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும்.

அதற்குக் காகிதத்தில் ஒரு பிடி வேண்டும். சொன்ன தேதியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வண்டி வரவில்லையென்றால் கடைக்காரர் வெளியில் வண்டி எடுத்துக்கொள்ளலாம், வாடகை வித்தியாசத்தில் பாதியைக் கம்பெனி ஏற்கும் என்று எழுதலாம். அதேபோல மாதம் 3 லோடு தராவிட்டால் குறைந்த ஒவ்வொரு லோடுக்கும் ஒரு தொகையைக் கடைக்காரர் தர வேண்டும். தாமதத்துக்கும் இப்படியே. ஆறு நாளுக்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 1,500 ரூபாய் கழிவு என்றால், குடோனில் 24 மணி நேரத்துக்கு மேல் லாரி நின்றால் நாளுக்கு 3,000 ஹால்டிங் என்பதையும் ஏற்க வேண்டும். ஒரு லோடில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குப் பக்கம். கையால்தான் இறக்க வேண்டும். ஆள் ஏற்பாடு செய்யாமல் லாரியை இரண்டு நாள் நிற்கவைக்கும் கடைக்கு, அடுத்த நடை டிரைவர்களே வரத் தயங்குவார்கள். வெள்ளம், சாலை மறியல், லாரி வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இருதரப்பும் பொறுப்பல்ல என்பதும் ஒரு வரியில் இருக்கட்டும்.

வழியில் வேறு லாரிக்குச் சரக்கை மாற்றக் கூடாது, கூடுதல் லோடு ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையும் டைல்ஸுக்கு அவசியம். மாற்றி ஏற்றும்போதுதான் பெட்டிகள் அதிகம் உடைகின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகபாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. பிடிபட்டால் அதிகப்படிச் சரக்கை இறக்கிவிட்டுத்தான் லாரி நகர முடியும். ஆறு நாள் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு காகிதம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு அனுப்புகிறவர் லாரி கம்பெனிக்கு ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன சரக்கு, என்ன மதிப்பு என்ற விவரங்கள் அதில் இருக்கும். இருதரப்பும் ஒப்புக்கொண்ட கால அளவையும் அதில் குறிக்கலாம். அப்படிக் குறித்திருந்தால், அந்த அளவு வரையான தாமதத்துக்கு லாரி கம்பெனியின் பொறுப்பு வாடகைத் தொகையோடு நிற்கும். அந்தக் காலமும் கடந்தால் சட்டத்தின் மற்ற பிரிவுகளின்படி இழப்பீடு கேட்கலாம். உடைசலுக்கோ இழப்புக்கோ வழக்குப் போடுவதானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். படிவத்தை எழுதுவது மோர்பி ஆலை. பணம் கொடுப்பதும் நஷ்டப்படுவதும் சேலத்துக் கடை. ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் ஆலைக்காரர் காலத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டால் சட்டத்தின் அந்தப் பிரிவைச் சொல்லி வாதாட இடமிருக்காது. எனவே ஒவ்வொரு ஆர்டரிலும் "பயண நாள், சரக்கு மதிப்பு இரண்டையும் படிவத்திலும் எல்.ஆரிலும் எழுதவும்" என்று ஆலைக்குச் சொல்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒரு லோடு மட்டும் வாங்கும் சிறு கடைக்காரருக்கு இந்த ஒப்பந்தம் தனியாகக் கிடைக்காது. ஒரு லோடுக்காக எந்தக் கம்பெனியும் வண்டியை ஒதுக்கிவைக்காது. ஆனால் அதே ஊரில் மூன்று, நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே கம்பெனியிடம் ஒரே கடிதத்தில் கேட்டால் மாதம் நான்கு லோடு சேர்ந்துவிடும். கடையில் போட்டி இருக்கலாம், லாரி விஷயத்தில் கூடிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு நடைக்கும் நான்கு தேதிகளை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: வண்டி கேட்ட தேதி, ஆலைக்கு வந்த தேதி, புறப்பட்ட தேதி, குடோனுக்கு வந்த தேதி. பாக்கி கொடுத்த தேதியையும் மறக்காமல் எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் வாக்குக்கும் அதுதான் சாட்சி. அந்த நோட்டை வைத்துக்கொண்டு கம்பெனி முதலாளியோடு உட்கார்ந்து பேசி, அதன்பிறகு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். நாம் சொன்ன தேதியில் லோடும் பணமும் கொடுத்தால்தான் சொன்ன தேதியில் சரக்கு வர வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.